திணிவு குறையும்போது ரொக்கெட்டின் வேகம் எப்படி ஏறுகிறது?

1969 ஜூலை 16ஆம் திகதி அப்பல்லோ 11ஐச் சுமந்துகொண்டு கிளம்பிய சாட்டர்ன் 5 ரொக்கெட், பக்கத்தில் நின்ற ஏவுகோபுரத்தைத் தாண்டவே பத்துச் செக்கனுக்கு மேல் எடுத்தது. அவ்வளவு நெருப்பு, அவ்வளவு சத்தம், ஆனால் அசைவு மட்டும் ஆமை வேகம். இரண்டேகால் நிமிடம் போனதும் இன்னொன்று நடந்தது. கீழே எரிந்துகொண்டிருந்த ஐந்து எஞ்சின்களில் நடுவில் இருந்ததை அணைத்துவிட்டார்கள். பழுது ஒன்றுமில்லை, திட்டமே அதுதான். ஐந்தும் தொடர்ந்து எரிந்தால் ஆர்முடுகல் அளவுக்கு மீறிப் போய்விடும் என்பதற்காக ஒன்றை நிறுத்தினார்கள்.

தொடக்கத்தில் நகர மறுத்த அதே ரொக்கெட்டுக்கு, அதே எஞ்சின்கள் பிறகு எப்படி அதிகமாகிப் போயின? எஞ்சின்களின் பலம் இடையில் பெரிதாகக் கூடிவிடவில்லை. சுமைதான் போய்விட்டது. ரொக்கெட்டின் எடையில் பெரும்பகுதி அது எரித்துத் துப்பப்போகும் எரிபொருளே. ஆகவே திணிவு மாறிலி என்று வைத்துக்கொண்டு F = ma போடும் பழக்கம் இங்கே உதவாது.

அதற்குப் பதிலாக என்ன போடுவது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஹட்டன் பக்கத்தில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் வகுப்பு எடுக்கிற எனக்கு, அவர்களுடைய சீ.ஆர். கொப்பிகளில் அடிக்கடி கண்ணில் படும் வரி இது:

F = d(mv)/dt = m(dv/dt) + v(dm/dt)

பார்க்க ஒரு குறையும் தெரியாது. நியூற்றனின் இரண்டாம் விதி உந்த மாற்ற வீதம்தானே, m மாறுகிறது, v மாறுகிறது, பெருக்கல் விதிப்படி வகையிட்டாயிற்று. ஆனால் இதை ரொக்கெட்டுக்குப் போட்டால் விடை அபத்தமாக வரும். மேடையில் நிற்கும் ரொக்கெட்டுக்கு v = 0. எனவே இரண்டாவது உறுப்பு பூச்சியம். புற விசை என்று இருப்பது புவியீர்ப்பு மட்டும். அப்படியானால் ரொக்கெட் g ஆர்முடுகலில் கீழே விழ வேண்டும்! எஞ்சின் எரிகிறதா இல்லையா என்பதே கணக்கில் வரவில்லை. வாயு என்ன வேகத்தில் வெளியேறுகிறது என்பதற்குச் சமன்பாட்டில் இடமே இல்லை. அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

தவறு எங்கே என்று பார்க்க ரொக்கெட்டை விட்டுவிட்டுத் தோட்டத்து லயங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பௌசரை எடுத்துக்கொள்வோம். சமதரையான பாதை, செக்கனுக்கு 10 மீற்றர் வேகம், எஞ்சினை நியூட்ரலில் போட்டாயிற்று, உராய்வைக் கணக்கில் எடுக்கவில்லை. அடியில் இருக்கும் குழாய் ஒழுகி, செக்கனுக்கு 2 கிலோகிராம் தண்ணீர் நேரே கீழே விழுகிறது. மேலே உள்ள வரியைப் போட்டுப் பாருங்கள். புற விசை பூச்சியம், dm/dt = −2, v = 10. ஆகவே m(dv/dt) = 20 நியூற்றன். அதாவது ஒழுகுகிற பௌசர் டீசலே இல்லாமல் தானாக முன்னோக்கி வேகமெடுக்கும் என்று கணக்குச் சொல்கிறது. இன்னும் விசித்திரம், பக்கத்துத் தண்டவாளத்தில் ஹட்டனிலிருந்து நானுஓயா நோக்கி அதே 10 மீற்றர் வேகத்தில் போகும் ரயிலில் இருப்பவர் பார்த்தால் பௌசரின் வேகம் பூச்சியம். அவருக்கு விசையும் பூச்சியம். ஒரே பௌசர், பாதையோரம் நிற்பவருக்கு ஒரு விசை, ரயிலில் போகிறவருக்கு வேறு விசை. சீரான வேகத்தில் போகும் இருவர் அளக்கும் விசை வேறுபடக் கூடாது. எங்கேயோ கோளாறு.

கோளாறு இதுதான். நியூற்றனின் விதி ஒரு குறிப்பிட்ட பொருட்கூட்டத்துக்கு உரியது. தொடக்கத்தில் எந்தெந்தத் துளிகளை எண்ணினோமோ, முடிவிலும் அதே துளிகளை எண்ண வேண்டும். தண்ணீர் குழாயை விட்டு வெளியே வந்ததும் அதைக் கணக்கிலிருந்து அழித்துவிட்டால், அது கொண்டுபோகும் உந்தத்தையும் சேர்த்து அழிக்கிறோம். விழுகிற தண்ணீர் சும்மா விழவில்லை. பௌசரின் அதே 10 மீற்றர் வேகத்தோடுதான் வெளியேறுகிறது. பௌசர் இழந்த உந்தம் முழுவதும் அந்தத் தண்ணீரிடம் இருக்கிறது. ஆகவே பௌசரின் வேகம் மாறாது. உந்தம் குறைகிறது, வேகம் அப்படியே.

சரி, இப்போது ரொக்கெட்டுக்கு வருவோம். ஒரு கணத்தில் ரொக்கெட்டின் திணிவு m, வேகம் v. அதன்பின் Δt என்ற சிறு நேரத்தில் Δm அளவு வாயு வெளியேறுகிறது. ரொக்கெட்டைச் சார்ந்து வாயு பின்னோக்கிப் போகும் வேகம் u. எனவே தரையிலிருந்து பார்த்தால் வாயுவின் வேகம் v − u. ரொக்கெட்டின் வேகம் v + Δv ஆகியிருக்கும். ரொக்கெட்டையும் வாயுவையும் இரண்டையும் விடாமல் எண்ணுவோம்.

முன்பு இருந்த உந்தம்: mv

பின்பு: (m − Δm)(v + Δv) + Δm(v − u)

விரித்தால்: mv + mΔv − vΔm − ΔmΔv + vΔm − uΔm

இந்த வரியில் கொஞ்சம் நிற்க வேண்டும். −vΔm ரொக்கெட்டின் பக்கத்திலிருந்து வருகிறது, +vΔm வாயுவின் பக்கத்திலிருந்து வருகிறது. இரண்டும் வெட்டுப்பட்டுப் போகின்றன. பிள்ளைகள் எழுதிய v(dm/dt) என்ற உறுப்பு காணாமல் போவது இங்கேதான். மிஞ்சுவதில் v தனியாக எங்கும் இல்லை, u மட்டும்தான் இருக்கிறது. யார் எங்கிருந்து பார்த்தாலும் u மாறாது, ஆகவே விசையும் மாறாது. ΔmΔv இரண்டு சிறு அளவுகளின் பெருக்கம், Δt பூச்சியத்தை நெருங்கும்போது அது ஒதுங்கிவிடும்.

உந்த மாற்றம் புவியீர்ப்பின் கணத்தாக்குக்குச் சமம் என்று எழுதினால் mΔv − uΔm = −mgΔt. Δt ஆல் வகுத்து, செக்கனுக்கு வெளியேறும் திணிவை μ என்று குறித்தால்,

m(dv/dt) = uμ − mg

uμ தான் உதைப்பு. பௌசருக்குக் கிடைமட்டத் திசையில் u = 0, அதனால் உதைப்பும் இல்லை. அதே பௌசரின் பின்பக்கம் குழாயைப் பொருத்தித் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் கொஞ்சம் உதைப்புக் கிடைக்கும்.

இனி இலக்கங்களைப் போடலாம். சாட்டர்ன் 5 கிளம்பும்போது திணிவு ஏறத்தாழ 2,900 தொன். முதற்கட்டத்தின் ஐந்து எஞ்சின்களும் சேர்ந்து செக்கனுக்குச் சுமார் 13 தொன்னை எரித்து வெளியேற்றின. எரிபொருளாக மண்ணெண்ணெய் வகை ஒன்று, அதை எரிக்கத் திரவ ஒட்சிசன், இரண்டும் சேர்ந்த கணக்கு இது. u செக்கனுக்குச் சுமார் 2,600 மீற்றர். ஆக, உதைப்பு 13,000 × 2,600, அதாவது 338 இலட்சம் நியூற்றன். ரொக்கெட்டின் நிறை 29 இலட்சம் கிலோகிராம் × 9.8, சுமார் 284 இலட்சம் நியூற்றன். மேலே தூக்க மிஞ்சுவது 54 இலட்சம் மட்டும். 29 இலட்சம் கிலோகிராமால் வகுத்தால் ஆர்முடுகல் 1.9 m s⁻² அளவு. இதே ஆர்முடுகலில் 120 மீற்றர் ஏறப் பதினொரு செக்கன் போகும். ஏவுகோபுரம் கடந்த கதை இதுதான்.

உதைப்பு நிறையைவிடக் குறைவாக இருந்தால்? எஞ்சின்கள் செக்கனுக்கு 10 தொன் மட்டுமே எரித்தன என்று வைப்போம். உதைப்பு 260 இலட்சம் நியூற்றன். இது தூக்கக்கூடிய திணிவு 2,653 தொன். 247 தொன் எரிந்து தீரும்வரை, கிட்டத்தட்ட 25 செக்கன், ரொக்கெட் மேடையிலேயே நின்று எரிந்துகொண்டிருக்கும். பரீட்சைக் கணக்குகளில் இது பிடித்தமான பொறி. t = 0 இலிருந்தே தொகையிட்டால் வேகம் மறைக்குறியில் வரும், அதாவது ரொக்கெட் மேடையைத் துளைத்துக்கொண்டு நிலத்துக்குள் போகும். முதலில் uμ > mg தானா என்று பார்த்துவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும்.

வேகத்துக்கு வருவோம். புவியீர்ப்பைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைத்தால் dv = −u dm/m. தொகையிட்டால்,

v = u ln(m₀/m)

ரஷ்யாவின் சியோல்கோவ்ஸ்கி 1903இல் வெளியிட்ட சமன்பாடு இதுவே. மடக்கை எங்கிருந்து வந்தது என்பதை இலக்கத்தில் பார்த்தால் புரியும். முதல் செக்கனில் 13 தொன் எரிந்து தரும் வேகம் 2,600 × 13/2,900, செக்கனுக்கு 12 மீற்றர்கூட இல்லை. 160ஆவது செக்கனில் ரொக்கெட் ஏறத்தாழ 820 தொன்னாக மெலிந்திருக்கும்போது அதே 13 தொன் தருவது 40 மீற்றருக்கு மேல். தொடக்கத்தில் எரியும் எரிபொருள் பெரும்பாலும் பின்னால் எரியப்போகும் எரிபொருளைத் தூக்குவதிலேயே செலவாகிறது. கடைசியில் எரிவதற்குத் தூக்க ஆள் குறைவு. நடு எஞ்சினை அணைத்ததன் காரணமும் இந்த 40க்குள் இருக்கிறது. அணைத்தபிறகும்கூட முதற்கட்டத்தின் முடிவில் விண்வெளி வீரர்கள் உணர்ந்த அழுத்தம் அவர்களது நிறையின் நான்கு மடங்கை நெருங்கியது.

எளிமைக்காக ஐந்து எஞ்சின்களும் 160 செக்கன் எரிந்தன என்றே வைப்போம். எரிந்தது 2,080 தொன், மிச்சம் 820. விகிதம் 3.54. நம் பிள்ளைகளுக்குப் பரீட்சையில் கணிப்பான் கிடையாது, மடக்கை அட்டவணைதான். அதில் இருப்பது 10ஐ அடியாகக் கொண்ட மடக்கை: log 3.54 = 0.549. இதை 2.303ஆல் பெருக்கினால்தான் ln வரும், 1.264. ஆகவே v ≈ 2,600 × 1.264, செக்கனுக்குச் சுமார் 3,290 மீற்றர்.

2.303ஐப் பெருக்க மறந்தால் 1,427 என்று வரும். பார்க்க நியாயமான இலக்கம், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. திணிவு கடைசிவரை 2,900 தொன்னாகவே இருந்தது என்று வைத்தால் வேகம் 2,600 × 2,080/2,900, அதாவது 1,865. உண்மையில் திணிவு குறைந்துகொண்டே போனது, எனவே சரியான விடை 1,865க்கு மேல் இருந்தே ஆக வேண்டும். தொடக்கத்திலிருந்தே 820 தொன் என்று வைத்தால் 6,595. அதற்குக் கீழே இருக்க வேண்டும். 1,427 இந்த இரண்டுக்கும் வெளியே விழுகிறது. அரை நிமிட வேலை, பல புள்ளிகளைக் காப்பாற்றும்.

இப்போது ஈர்ப்பைத் திரும்பக் கொண்டுவருவோம். நேரே மேல்நோக்கிப் போகும் ரொக்கெட்டுக்கு v = u ln(m₀/m) − gt. 160 செக்கனில் gt மட்டும் 1,568. மிஞ்சுவது செக்கனுக்கு 1,720 மீற்றர். இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மடக்கை உறுப்பில் நேரமே இல்லை. எரிபொருளை வேகமாக எரித்தாலும் மெல்ல எரித்தாலும் அது ஒன்றுதான். ஈர்ப்பின் உறுப்பில் இருப்பதோ நேரம் மட்டும். எவ்வளவு நேரம் மேல்நோக்கிப் போராடுகிறோமோ அவ்வளவு நட்டம். தரையிலிருந்து கிளம்பும் ரொக்கெட்டுகள் அவசர அவசரமாக எரிப்பது இதனால்தான்.

உண்மையில் முதற்கட்டம் தீர்ந்தபோது சாட்டர்ன் 5 தரையைச் சார்ந்து செக்கனுக்கு 2,400 மீற்றர் அளவில் போய்க்கொண்டிருந்தது. நம் 1,720ஐவிட அது நன்றாகக் கூட. ரொக்கெட் மெல்லச் சாய்ந்து கிடைமட்டப் பக்கம் திரும்பியதால் ஈர்ப்பு முழுமூச்சாக எதிர்க்கவில்லை என்பது ஒரு காரணம். மற்றது, மேலே போகப் போக உதைப்பே கொஞ்சம் ஏறியது. இந்த இரண்டாவது காரணம் மலையில் இருக்கும் நமக்குக் கிட்டத்து விஷயம்.

நொசிலின் வாயில் வாயு உள்ளிருந்து தள்ளுகிறது, வெளியே வளிமண்டலம் எதிர்த்துத் தள்ளுகிறது. நொசில் வாயின் பரப்பு A என்றால், உதைப்பை முழுமையாக எழுதும்போது (வாயுவின் அமுக்கம் − வளி அமுக்கம்) × A என்ற உறுப்பும் சேரும். மேலே போட்ட 2,600, கடல்மட்டத்தில் இந்த உறுப்பையும் உள்ளடக்கிய u தான். சாட்டர்ன் 5இன் F-1 எஞ்சின் ஒன்றின் நொசில் வாய் ஏறத்தாழ 3.7 மீற்றர் விட்டம். பரப்பு 10.75 சதுர மீற்றர், ஐந்துக்கும் 54. கடல்மட்டத்தில் வளி அமுக்கம் 101 கிலோபஸ்கால். எனவே வளிமண்டலம் தின்றுவிடும் உதைப்பு சுமார் 54 இலட்சம் நியூற்றன். மேடையில் ரொக்கெட்டைத் தூக்க மிஞ்சியதும் ஏறத்தாழ அதே 54 இலட்சம். தற்செயல்தான், ஆனாலும் காற்று எவ்வளவு கெடுக்கிறது என்பதற்கு நல்ல அளவுகோல்.

அந்த ரொக்கெட்டை நுவரெலியாக் குதிரைப் பந்தயத் திடலில் நிறுத்திப் பற்றவைத்தால் என்ன ஆகும்? (அனுமதி கிடைக்காது, கணக்குக்காகத்தான்.) 1,868 மீற்றர் உயரத்தில் வளி அமுக்கம் சுமார் 81 கிலோபஸ்கால். கடற்கரையைவிட 20 குறைவு. 54 சதுர மீற்றருக்கு உதைப்பில் சுமார் 11 இலட்சம் நியூற்றன் கூடும். மொத்த உதைப்பில் இது 3 சதவீதம்தான். ஆனால் மேலே தூக்க மிஞ்சும் விசை 54இலிருந்து 65 இலட்சமாகிவிடும், ஆர்முடுகல் 1.9இலிருந்து 2.2க்கு ஏறும். ரொக்கெட் காற்றைப் பின்னுக்குத் தள்ளித்தான் முன்னேறுகிறது என்று நம்புகிறவர்களுக்கு இதைக் காட்டலாம். அப்படியானால் காற்று மெலிந்த நுவரெலியாவில் உதைப்புக் குறைய வேண்டும், கூடக் கூடாது. அந்த நம்பிக்கை லேசில் போகாது. வெற்றிடத்தில் ரொக்கெட் வேலை செய்யாது என்ற தோரணையில் 1920இல் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை கொடார்ட் என்ற அமெரிக்கப் பௌதிகவியலாளரை ஆசிரியத் தலையங்கத்தில் கிண்டலடித்தது. திருத்தம் போட்டது 1969 ஜூலை 17இல், அப்பல்லோ 11 கிளம்பிய மறுநாள்.

வெற்றிடத்தில் அந்த 54 இலட்சமும் முழுதாகத் திரும்பி வரும்போது u செக்கனுக்கு 3,000 மீற்றரை எட்டுகிறது. வழி முழுவதற்கும் சராசரியாக 2,850 என்று போட்டால் மடக்கைக் கணக்கு 3,600 தரும். ஈர்ப்பும் காற்றுத் தடையும் அதிலிருந்து 1,200 அளவைத் தின்றால் அந்த 2,400 வந்துவிடுகிறது.

மடக்கை இன்னொரு இடத்திலும் கழுத்தைப் பிடிக்கும். பூமியைச் சுற்ற, இழப்புகளையும் சேர்த்து, செக்கனுக்கு ஏறத்தாழ 9,400 மீற்றர் வேண்டும். u = 2,600 உள்ள ஒரே ரொக்கெட்டால் இதை அடைய திணிவு விகிதம் e^3.6, சுமார் 37 ஆக வேண்டும். அதாவது 37 தொன்னில் 36 தொன் எரிபொருள், மிச்சம் ஒரே தொன்னுக்குள் தாங்கி, எஞ்சின், ஆட்கள் எல்லாம். அப்படி ஒரு தாங்கியைச் செய்ய முடியாது. ஆகவே கட்டங்களாகப் பிரித்து, காலியானதைக் கழற்றி எறிகிறார்கள். முதற்கட்டம் தீர்ந்த சாட்டர்ன் 5இன் 820 தொன்னில் காலிக் கூடும் ஒட்டிக்கிடந்த எரிபொருளுமாக 160 தொன் அளவு இருந்தது. இரண்டாம் கட்டம் எரித்தது சுமார் 450 தொன், அதன் u செக்கனுக்கு 4,130 மீற்றர். ஐதரசன் எரிக்கும் எஞ்சின் என்பதால் u கூட. கூட்டைக் கழற்றிவிட்டால் 660 தொன் 210 ஆகிறது, விகிதம் 3.14, கிடைக்கும் வேகம் 4,730. கழற்றாமல் இழுத்துக்கொண்டு போயிருந்தால் 820 தொன் 370 ஆகும், விகிதம் 2.2, கிடைப்பது 3,290. ஒரு காலித் தாங்கிக்காக 1,440 மீற்றர் போய்விட்டிருக்கும்.